பற்றரி வாங்கும் முன் மின்பட்டியலைப் பாருங்கள்

சென்ற மாதம் கடைக்குச் சரக்கு கொடுக்கும் விடயமாகச் சுருவிலுக்குப் போயிருந்தேன். அங்கே பல ஆண்டுகளாக என்னோடு கொடுக்கல் வாங்கல் உள்ள பலசரக்குக் கடைக்காரர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "நானா, இந்தக் கணக்கு சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

அவர் கடைக் கூரையில் 5 கிலோவாற்று சோலர் இருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சபைக்கு விற்கிறார். அதோடு 10 அலகு கொள்ளும் லித்தியம் பற்றரியைச் சேர்க்கும்படி ஒரு விற்பனையாளர் சொல்லியிருந்தார். புதிய இன்வேர்ட்டரும் சேர்த்து ஏழரை இலட்சம் ரூபா. நாளுக்கு 9 அலகு, அலகுக்கு 45 ரூபா உச்சக் கட்டணம் மிச்சம், வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை இலட்சம், ஐந்து வருடத்தில் முதல் திரும்பிவிடும். இதுதான் தாளில் இருந்தது.

நான் முதலில் கேட்டது அவருடைய மின்பட்டியலை. நம் நாட்டின் நேரவாரிக் கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான நான்கு மணித்தியாலமே உச்ச நேரம். அந்த முறையில் இருப்பவர்களின் பட்டியலில் பகல், உச்சம், இரவு என மூன்று வரிகள் தனித்தனியே இருக்கும். அவருடைய பட்டியலில் இருந்தது ஒரே வரி. சிறு கடைகள் பலவற்றின் நிலை இதுதான். இல்லாத உச்சக் கட்டணத்தைப் பற்றரி எப்படி மிச்சப்படுத்தும்?

"சரி, நேரவாரி முறைக்கு மாறினால்?" என்றார். அதையும் போட்டுப் பார்த்தோம். இரண்டு ஆழ்குளிரூட்டி, விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்ந்து மாலையில் மணிக்கு ஓர் அலகுதான் இழுக்கின்றன. ஆகவே உச்ச நேரத்தில் அவருக்குத் தேவை 4 அலகு, 9 அல்ல. பத்தரைக்குப் பிறகு பற்றரி கொடுப்பது மலிவான இரவு அலகுக்குப் பதிலாகத்தான். அதில் தேறுவது சொற்பம்.

அடுத்தது, பற்றரிக்குள் போகும் மின்சாரம் இலவசமல்ல. விற்றிருந்தால் அலகுக்கு 20 ரூபா வந்திருக்கும் என்று வைப்போம். ஏற்றி இறக்கும்போது பத்தில் ஒரு பங்கு வீணாவதால், 4 அலகு எடுக்க நாலரை அலகு போட வேண்டும். அது 90 ரூபா. மிச்சமாவது 180 ரூபா. கையில் நிற்பது நாளுக்கு 90. மாரி மழை நாட்களைக் கழித்து 300 நாளென்றால் வருடத்துக்கு 27,000 ரூபா.

இனிப் பற்றரியின் ஆயுள். நல்ல லித்தியம் பற்றரிக்குப் பொதுவாகப் பத்து வருட உத்தரவாதம் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அதை மாற்ற வேண்டும் என்று வைப்போம். ஏழரை இலட்சத்தைப் பத்தால் வகுத்தால் வருடத் தேய்மானம் 75,000 ரூபா. வரவு 27,000, தேய்வு 75,000. விற்பனையாளரின் தாளில் இந்தத் தேய்மான வரியே இல்லை.

"அப்ப ஆருக்குத்தான் இது பொருந்தும்?" என்று கேட்டார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 2024இல் ஒப்பந்தமான சூரிய, காற்றுத் திட்டத்தில் 2,400 அலகு கொள்ளும் பற்றரி சேர்க்கப்பட்டது. அங்கே சேமிக்கும் ஒவ்வொரு அலகும் கடல் தாண்டி வரும் டீசலைக் குறைக்கும். சுருவிலுக்கோ வீதியோடு கம்பியும் வந்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. பற்றரி உள்ள கூரைச் சோலரிலிருந்து உச்ச நேரத்தில் வாங்கும் அலகுக்கு 45 ரூபாவை ஒட்டிய விலை 2025இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஒப்பந்தம் கிடைத்தால் 9 அலகும் வேலை செய்யும். 405 ரூபாவில் உள்ளே போட்ட 10 அலகின் 200 ரூபாவைக் கழித்தால் நாளுக்கு 205, வருடத்துக்கு 61,500. அப்போதும் தேய்மானத்தை எட்டவில்லை. முழுச் செலவும் ஆறு இலட்சத்துக்கு இறங்கினால் கட்டுப்படியாகும். அதுவும் பற்றரி சோர்வடையும் வரைதான். தகரக் கூரையின் கீழ் வெக்கையில் வைத்தால் அந்தச் சோர்வு சீக்கிரம் வரும். உப்புக் காற்று முனைகளை அரிக்கும். மாதம் ஒருமுறை முழுதாக ஏற்றி, எத்தனை அலகு வெளியே வருகிறது என்று குறித்து வைத்தால், 9 எப்போது 7 ஆகிறது என்பது தெரியும்.

மின்தடையில் ஐஸ்கிரீம் உருகும் நட்டம் வேறு கணக்கு. அது வருடத்தில் எத்தனை ஆயிரம் என்று அவரவர் கொப்பியைப் பார்த்து வரவில் சேர்க்கலாம். எங்கள் கடைக்காரரின் கொப்பியில் அது 48,000 ரூபா இடைவெளியை நிரப்பும் அளவில் இல்லை. தாளை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டு, "விலை இறங்கட்டும், நானா. அதுவரைக்கும் பகல் மின்சாரத்தை வித்துக்கொண்டே இருக்கிறன்" என்றார்.