வேலை நேரத்தில் ஊசி போட வேண்டியவர் மனேஜருக்கு எழுதும் கடிதம்



நம் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர். வெள்ளவத்தை காலி வீதியில் புடவைக் கடை, கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை என்று நாள் முழுக்க நின்ற நிலையில் வேலை செய்கிறார்கள். அவர்களில் சீனி வருத்தமுள்ள ஒரு பிள்ளைக்கு, கடையில் ஊசி போட நேரமும் இடமும் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

அந்தப் பிள்ளைக்கு கிளினிக்கில் சொன்னது இதுதான்: மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் தெளிந்த இன்சுலின், படுக்கும்போது கலங்கலான இன்சுலின். காலை ஊசியும் இரவு ஊசிகளும் தங்குமிடத்திலே போட்டுக்கொள்ளலாம். பகல் ஊசிதான் வில்லங்கம். கடையில் மறைவிடம் கிடையாது. மலசலகூடத்தில் நின்றுகொண்டு, போத்தலை கக்கத்தில் இடுக்கிப் பிடித்து மருந்து இழுத்திருக்கிறாள். கை ஆடினால் அளவு பிழைக்கும். கழுவாத கையில் ஊசியைத் தொடவும் கூடாது.

அதைவிட மோசம், 12.30க்கு ஊசி போட்டுவிட்டு வந்தால் வாடிக்கையாளர் கூட்டம். சாப்பாட்டு முறை வரும்போது மணி இரண்டு. தெளிந்த இன்சுலின் அரை மணித்தியாலத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும், சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஒருநாள் அவளுக்கு அப்படியே நடந்தது. பிள்ளை களைத்துப் போச்சு என்று கதிரையில் இருத்தி விசிறினார்களாம். வேண்டியது விசிறி இல்லை. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் திரும்பவும் கொடுக்க வேண்டும். தெளிந்ததும் சாப்பிட வைக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

முதலில் அவளே எழுதிய கடிதத்தில் "எனக்குச் சுகமில்லை, தயவுசெய்து உதவி செய்யவும்" என்று மட்டும் இருந்தது. அதை வாசிக்கும் மனேஜருக்கு என்ன கொடுப்பது என்றே விளங்காது. லீவு கேட்கிறாள் என்று நினைத்தாராம். பிறகு இப்படி மாற்றினோம்:

"ஐயா,

நான் தங்கள் கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு நீரிழிவு நோய் இருப்பதால் தினமும் பகலில் இன்சுலின் ஊசி போட வேண்டும். வைத்தியரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.

தினமும் 12.30க்கு ஊசி போட 10 நிமிடமும், சரியாக 1.00 மணிக்குச் சாப்பிட அனுமதியும், பிற்பகல் 4.30க்கு பிஸ்கட் சாப்பிட 5 நிமிடமும் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊசி போட களஞ்சிய அறையின் ஒரு மூலையில் திரையும் சிறு மேசையும் போதும். அந்த நேரத்தில் என் பகுதியைப் பார்ப்பதாக என்னுடன் நிற்பவர் சம்மதித்துள்ளார். ஊசிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் போட்டு நானே எடுத்துச் செல்வேன். எனக்கு மயக்கம் வந்தால் சீனித் தண்ணீர் தரவேண்டும் என்பதை ஒருவருக்காவது தெரிவித்து வைக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள"

கீழே பெயரும் திகதியும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை மனேஜரிடம் நேரில் கொடுத்து, மற்றதில் கிடைத்ததாக ஒப்பம் வாங்கினாள். கடிதத்தில் நோயின் கதை முழுவதும் எழுதத் தேவையில்லை. நேரம், இடம், யார் மாற்று, இதுதான் மனேஜருக்கு வேண்டியது. இதில் முக்கியமான வரி 1.00 மணிச் சாப்பாடுதான். ஊசிக்கு நேரம் தந்து சாப்பாட்டைப் பிந்த விட்டால் முன்பைவிட ஆபத்து.

வைத்தியரின் துண்டை கிளினிக் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட, கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தேசிய ஆஸ்பத்திரி. துண்டில் எந்த நேரத்துக்கு ஊசி, எத்தனை நிமிடத்தில் சாப்பாடு என்று எழுதச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டார்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. சாப்பாட்டு இடைவேளையும் அதில் உண்டு. ஆனால் ஊசிக்கென்று தனியாக இடைவேளை அதில் எழுதப்படவில்லை. அதனால் சட்டம் பேசுவதைவிட மேலே உள்ளதுபோல் கேட்பதே கடையில் பலிக்கும். சாப்பாட்டு நேரத்தையே மறுத்தால் அது வேறு விடயம், நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

மாத்திரை குடிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதம் தேவைப்படாது. காலையும் இரவும் மட்டும் குடிக்கும் மாத்திரை என்றால் தங்குமிடத்திலேயே குடித்துவிடலாம். பகல் மாத்திரை இருந்தால், அதை வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று முதலில் வைத்தியரிடம் கேளுங்கள், தானாக மாற்ற வேண்டாம். மெற்ஃபோமின் போன்றவை சாப்பாட்டோடு குடிப்பவை, அதற்குத் தனி இடம் வேண்டியதில்லை, சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தால் போதும்.

அந்தப் பிள்ளைக்கு களஞ்சிய அறையில் பழைய புடவையொன்றைத் திரையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பாவிக்கும் இன்சுலின் போத்தலை நிழலான, வெக்கை இல்லாத இடத்தில் ஏறத்தாழ நான்கு கிழமை வைத்திருக்கலாம், அதனால் கடையில் குளிர்சாதனப் பெட்டி கேட்க வேண்டி வரவில்லை. திறக்காத போத்தல்கள் தங்குமிடத்து வீட்டுக்காரம்மாவின் பெட்டியில் இருக்கின்றன, உறையும் தட்டில் அல்ல, கீழ்த்தட்டில்.