அறுந்தும் அறாத வளையம்

நுழையும்முன்

மனிதர்கள் விசை தட்டி எந்திரங்களை இயக்கிய காலம் மாறி, எந்திரங்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு இயங்கும் காலம் இது. அச்செய்திகள் கேபிள் வழியே செல்கின்றன. சரக்கு வண்டியின் சக்கரம் நசுக்கினாலோ எலி கடித்தாலோ கேபிள் அறுந்துபோகும். அப்பொழுதும் உற்பத்தி நில்லாமல் நடைபெற ஒரு வழி உண்டு. அவ்வழியைப் பற்றியது இப்பாடம்.

நேர்கோடும் வளையமும்

குடிநீரைப் புட்டிகளில் நிரப்பும் ஆலை ஒன்றை எண்ணிப்பார்ப்போம். அதன் கட்டுப்பாட்டு அறையில், எல்லா எந்திரங்களுக்கும் ஆணையிடும் கட்டுப்படுத்தி என்னும் கணினி உள்ளது. புட்டியைக் கழுவுதல், நீர் நிரப்புதல், மூடியிடுதல், பெயர்ச்சீட்டு ஒட்டுதல், பெட்டியில் அடுக்குதல் ஆகிய ஐந்து பணிகளுக்கும் ஐந்து எந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. கட்டுப்படுத்தியின் அருகில் ஒன்று, எந்திரங்களின் அருகில் ஐந்து என ஆறு சுவிட்சுகள் உள்ளன. ஈதர்நெட் வலையமைப்பில் வரும் செய்தியை உரிய திசையில் திருப்பிவிடும் கருவியே சுவிட்ச் ஆகும். இவற்றுக்கு 1 முதல் 6 வரை எண் இடுவோம். கட்டுப்படுத்தி 1ஆம் சுவிட்சிலும், மூடியிடும் எந்திரம் 4ஆம் சுவிட்சிலும் இணைக்கப்பட்டுள்ளன.

ஆறு சுவிட்சுகளையும் நேர்கோட்டில் இணைத்தால் ஐந்து கேபிள்கள் போதும். ஆனால், 3க்கும் 4க்கும் இடையிலுள்ள கேபிள் அறுந்தால், அதற்கு அப்பாலுள்ள மூன்று எந்திரங்களும் ஆணை பெறாமல் நின்றுவிடும். 6ஆம் சுவிட்சை மீண்டும் 1ஆம் சுவிட்சுடன் இணைத்தால் கோடு வளையமாகிறது. இப்பொழுது எந்த ஒரு கேபிள் அறுந்தாலும், மறுபுறமாகச் சுற்றிச் செல்ல ஒரு வழி எஞ்சியிருக்கும். கூடுதலாகச் செலவாவது ஒரே ஒரு கேபிள்தான்.

வளையத்தின் ஆபத்து

எனினும், வளையத்தை அப்படியே மூடிவிட்டால் வலையமைப்பு இயங்காது. ஈதர்நெட்டில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான அறிவிப்புச் செய்திகள் உண்டு. அத்தகைய செய்தியைப் பெறும் சுவிட்ச், அது வந்த வழியைத் தவிர்த்து ஏனைய எல்லா வழிகளிலும் அதனை அனுப்பும். 1ஆம் சுவிட்சிலிருந்து புறப்படும் அறிவிப்பு 2 வழியாக ஒருபுறமும் 6 வழியாக மறுபுறமும் சென்று, வளையத்தைச் சுற்றி மீண்டும் 1ஐ அடையும். அது மீண்டும் அனுப்பப்படும். ஈதர்நெட் செய்தியில், இத்தனை முறை கடந்தபின் மடிந்துவிடு என்னும் குறிப்பு ஏதும் இல்லை. ஆகவே, அது முடிவின்றிச் சுற்றும். அடுத்தடுத்து வரும் அறிவிப்புகளும் அதனுடன் சேர்ந்து சுழல, நொடிப்பொழுதில் கேபிள்கள் நிரம்பிவிடும். உண்மையான ஆணைகள் செல்ல இடமிராது. இந்நிலையை ஒலிபரப்புப் புயல் என்பர். சுவிட்சுகளின் விளக்குகள் அனைத்தும் ஓய்வின்றி ஒருசேரத் துடிப்பது இதன் அறிகுறியாகும்.

அறுந்தால் உதவ வளையம் வேண்டும். அறாதிருக்கும்போது வளையம் இருத்தல் கூடாது. முரணான இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவதே வளையப் பாதுகாப்பின் பணியாகும்.

தெரிந்து தெளிவோம்

ஈதர்நெட் வலையமைப்பில் செய்திகள் சுழல்வதைத் தடுக்கும் நெறிமுறையை 1985ஆம் ஆண்டு உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண் அறிவியலாளர். கூடுதல் வழிகளை அடைத்து, வலையமைப்பைக் கிளைவிட்ட மரம்போல் ஆக்குவது அம்முறை. அதனை விளக்க அவர் ஒரு கவிதையும் எழுதினார். அலுவலகங்களுக்குப் பெரிதும் பயன்பட்ட அம்முறையின் தொடக்க வடிவம், வழி மாற 30 முதல் 50 விநாடிகள்வரை எடுத்துக்கொண்டது.

மேலாளரும் உறுப்பினரும்

அலுவலகத்தில் அரை நிமிடம் காத்திருக்கலாம். ஓடும் எந்திரத்தால் அவ்வாறு காத்திருக்க இயலாது. எனவே, ஆலைகளுக்கெனத் தனி நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் பரவலாகப் பயன்படுவது எம்.ஆர்.பி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் ஊடக மிகைமை நெறிமுறையாகும். இது ஐ.இ.சி. 62439-2 என்னும் பன்னாட்டுத் தரநிலையாக வெளியிடப்பட்டுள்ளது.

இம்முறையில் வளையத்திலுள்ள ஒரு சுவிட்ச் மேலாளராகவும் ஏனையவை உறுப்பினராகவும் அமைகின்றன. நம் ஆலையில் 1ஆம் சுவிட்சை மேலாளராகக் கொள்வோம். அது, 6ஆம் சுவிட்சை நோக்கிய தன் இணைப்பு முனையைப் பொதுச் செய்திகளுக்கு அடைத்து வைக்கிறது. கேபிள் உண்டு, வழி இல்லை. இதனால், பார்வைக்கு வளையமாக இருப்பது செயலளவில் நேர்கோடாகிறது. புயல் எழ வாய்ப்பில்லை.

வளையம் முழுமையாக உள்ளதா என்பதை மேலாளர் இடையறாது சோதிக்கிறது. ஏறத்தாழ 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை தன் இரு முனைகளிலிருந்தும் சோதனைச் செய்திகளை அது அனுப்பும். அடைத்த முனையும் இச்சோதனைச் செய்திகளுக்கு வழிவிடும். ஒரு முனையில் புறப்பட்டது மறுமுனையில் வந்து சேர்ந்தால் வளையம் நலமாக உள்ளது என்று பொருள்.

கேபிள் அறும் கணம்

3க்கும் 4க்கும் இடையிலுள்ள கேபிள் அறுவதாகக் கொள்வோம். இவ்விரு சுவிட்சுகளும் தம் முனையில் இணைப்பு அற்றுப்போனதை உடனே உணர்ந்து மேலாளருக்குத் தெரிவிக்கின்றன. சில வேளைகளில் இவ்வறிவிப்பு வாராமலும் போகலாம். இடையில், மின்குறிகளை ஒளியாக மாற்றும் கருவி இருந்தால், அதற்கப்பால் ஒளியிழை அறுந்தபோதும் சுவிட்சின் முனை உயிரோடிருப்பதாகத் தோன்றக்கூடும். அத்தகைய மறைவான பழுதையும் சோதனைச் செய்தி காட்டிக்கொடுத்துவிடும். தொடர்ந்து மூன்று சோதனைச் செய்திகள் திரும்பாவிடில், அஃதாவது ஏறத்தாழ 60 மில்லி விநாடிகளில், வளையம் அறுந்தது என மேலாளர் முடிவு செய்கிறது.

உடனே அது அடைத்த முனையைத் திறக்கிறது. 1இலிருந்து 6, 5 வழியாக 4ஐ அடையும் புதிய பாதை பிறக்கிறது. ஆனால், பாதை திறந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சுவிட்சும், எந்தக் கருவி எத்திசையில் உள்ளது என்பதைத் தன் முகவரி அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். மூடியிடும் எந்திரம் 2இன் பக்கம் உள்ளது என்றே 1ஆம் சுவிட்சின் அட்டவணை இன்னும் கூறும். அதனை நம்பி அனுப்பும் ஆணை 3ஆம் சுவிட்சுவரை சென்று வழியின்றி வீணாகும். பழைய குறிப்பு தானாக அழிய, வழக்கமான அமைப்பின்படி 300 விநாடிகள் ஆகும். ஐந்து நிமிடங்கள் எந்த எந்திரம் காத்திருக்கும்?

ஆகவே, அமைப்பு மாறிற்று என்னும் செய்தியை மேலாளர் சில முறை அடுத்தடுத்து அனுப்புகிறது. எத்தனை மில்லி விநாடிகளுக்குப் பின் அட்டவணையை அழிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இதனால் எல்லாச் சுவிட்சுகளும் ஏறக்குறைய ஒரே கணத்தில் பழைய குறிப்புகளை அழித்து, புதிய திசைகளைக் கற்றுக்கொள்கின்றன. 50 சுவிட்சுகள்வரை உள்ள வளையத்தில் இவையனைத்தும் 200 மில்லி விநாடிகளுக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது, பெரிதும் கையாளப்படும் அமைப்பு வகைக்குத் தரநிலை வகுத்த வரம்பாகும்.

வலையமைப்பு மீண்டும் எந்திரம் நிற்பது ஏன்?

வளையப் பாதுகாப்பு சரியாக வேலை செய்தும் உற்பத்தி நின்றுபோவது உண்டு. அதன் காரணம் எந்திரங்களின் பொறுமையில் உள்ளது. கட்டுப்படுத்தியும் எந்திரமும் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை செய்தி பரிமாறுவதாகவும், தொடர்ந்து மூன்று முறை செய்தி வாராவிடில் எந்திரம் தன்னை நிறுத்திக்கொள்வதாகவும் கொள்வோம். அதன் பொறுமை 24 மில்லி விநாடிகளே. வளையம் மீள 200 மில்லி விநாடிகள்வரை ஆகலாம். பாதை திரும்பக் கிடைப்பதற்குள் மூடியிடும் எந்திரம் நின்றிருக்கும்.

விடுபடும் செய்திகளின் எண்ணிக்கையை 3இலிருந்து 30ஆக உயர்த்தினால் பொறுமை 240 மில்லி விநாடிகளாகும். கேபிள் அறுந்ததை எந்திரம் உணராமலே பணி தொடரும். இதற்கும் ஒரு விலை உண்டு. கட்டுப்படுத்தியே பழுதானாலும், எந்திரம் அதனை அறிய 240 மில்லி விநாடிகள் ஆகும். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டை அதற்குள் 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். புட்டிகள் செல்லும் பட்டைக்கு இது பொறுக்கத்தக்கதா என்பதை, அங்குப் பணிபுரிவோரின் பாதுகாப்பையும் கருதி முடிவு செய்தல் வேண்டும். அத்தாமதத்தையும் ஏற்க இயலாத இடங்களில், ஒரே செய்தியை வளையத்தின் இரு திசைகளிலும் ஒருசேர அனுப்பி, முதலில் வருவதை ஏற்று மற்றதைத் தள்ளும் வேறு முறை பயன்படுகிறது. அதில் மீட்சிக்கென நேரமே செலவாவதில்லை. ஆனால், தனிவகைக் கருவிகள் வேண்டும்.

வளையம் கேட்கும் விழிப்பு

முதல் வெட்டைத் தாங்கிய வளையம் மீண்டும் நேர்கோடாகிவிடுகிறது. எந்திரங்கள் ஓடிக்கொண்டிருப்பதால் பழுதை யாரும் உணராதிருக்கலாம். சில வாரங்களுக்குப் பின் 5க்கும் 6க்கும் இடையிலுள்ள கேபிளும் அறுந்தால் 4, 5ஆம் சுவிட்சுகள் தனித்துத் துண்டிக்கப்படும். இரண்டாம் வெட்டுக்கு இம்முறையில் மருந்தில்லை. எனவே, மேலாளர் சுவிட்சின் பழுது அறிவிப்பு முனையில் ஒரு சிவப்பு விளக்கையாவது இணைத்து வைத்தல் இன்றியமையாதது. விளக்கு எரிந்தால், உற்பத்தி நிற்கவில்லையே என்று எண்ணாமல் அன்றே கேபிளைச் சரிசெய்தல் வேண்டும்.

நிறுவும்போதும் ஒழுங்கு தேவை. எந்தச் சுவிட்ச் மேலாளர் என்பதை அமைத்து உறுதிசெய்த பின்னரே வளையத்தை மூடும் கடைசிக் கேபிளைச் செருக வேண்டும். மேலாளரில்லாத வளையத்தை மூடினால் புயல் எழும். இறுதியாக, உற்பத்தி தொடங்குமுன் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, எந்திரங்கள் நில்லாமல் ஓடுகின்றனவா, விளக்கு எரிகிறதா எனப் பார்த்தல் வேண்டும். கேபிளைத் திரும்பச் செருகியதும் மேலாளர் வளையம் முழுமையானதை உணர்ந்து தன் முனையை மீண்டும் அடைக்கும்; விளக்கு அணையும். அதன் பின்னரே அடுத்த கேபிளைத் தொட வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. ஆறு சுவிட்சுகள் கொண்ட வளையத்தை வரைந்து, 2க்கும் 3க்கும் இடையிலுள்ள கேபிள் அறுந்தால் கட்டுப்படுத்தியின் ஆணை 3ஆம் சுவிட்சை எவ்வழியாக அடையும் என்பதைக் குறித்துக் காட்டுக.

2. 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை செய்தி பெறும் எந்திரம், 200 மில்லி விநாடி இடைவெளியைத் தாங்க வேண்டுமெனில், குறைந்தது எத்தனை செய்திகள் விடுபடும்வரை அது பொறுத்திருக்க வேண்டும்? கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.