உள்ளீட்டு வடிவமைப்பு (பாரந்தூக்கி)

உள்ளீட்டு வடிவமைப்பு என்பது, பாரந்தூக்கி வேகமாக நகர்ந்து நின்ற பின் அதில் தொங்கும் சுமை ஆடிக்கொண்டே இருப்பதைத் தடுக்கும் கட்டுப்பாட்டு முறை ஆகும். நகரும்படி தரும் கட்டளையே இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஆட்டத்தை அளக்க உணரி எதுவும் தேவையில்லை.

கயிற்றில் தொங்கும் சுமை ஓர் ஊசல். 10 மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் சுமார் 6.3 நொடி. சுமையின் எடை எவ்வளவு என்பது இதில் பொருட்டல்ல. மேலே உள்ள டிராலி திடீரென நொடிக்கு 1 மீட்டர் வேகம் எடுத்தால், சுமை இருபுறமும் ஏறத்தாழ 1 மீட்டர் வீச்சில் ஆடும்.

இப்போது டிராலிக்கு முதலில் பாதி வேகம், அதாவது நொடிக்கு 0.5 மீட்டர் மட்டும் தருவோம். சுமை பின்தங்கி, பிறகு முன்னோக்கி வீசி வரும். அரை அலைவு நேரமான சுமார் 3.2 நொடி கழித்து அது டிராலிக்கு நேர் கீழே இருக்கும். அப்போது அதன் வேகம் நொடிக்கு 1 மீட்டர். சரியாக அந்தக் கணத்தில் டிராலியையும் 1 மீட்டர் வேகத்துக்கு உயர்த்தினால் இரண்டும் ஒரே வேகத்தில் செல்லும். ஆடுவதற்குக் காரணமே இல்லை. நிறுத்தும்போதும் இப்படியே: முதலில் பாதி வேகம், 3.2 நொடி கழித்து முழு நிறுத்தம்.

இதற்கு ஒரு விலை உண்டு. இயக்குபவர் பொத்தானை விட்ட பிறகும் டிராலி சுமார் 1.6 மீட்டர் நகரும். பழக்கமில்லாதவர் இலக்கைத் தாண்டிவிடுவார். எனவே பொத்தானை முன்கூட்டியே விடப் பழக வேண்டும்.

கணக்கிட்ட நீளம் தவறினாலும் சிக்கல்தான். 10 மீட்டருக்கு அமைத்த கட்டளையை 8 மீட்டர் கயிற்றுக்குத் தந்தால் சுமார் 17 செ.மீ. வீச்சு எஞ்சும். ஒவ்வொரு முறையும் நின்ற பின் ஒரே அளவு ஆட்டம் மிஞ்சினால் முதலில் ஐயப்பட வேண்டியது இதையே. நீளத்தைக் கொக்கி வரை அல்ல, சுமையின் ஈர்ப்பு மையம் வரை அளக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் செய்வதுபோல் பத்து அலைவுகளுக்கான நேரத்தை அளந்து பத்தால் வகுப்பது இன்னும் நம்பகமானது.

பாதி, பாதி என்பதற்குப் பதிலாகக் கால், அரை, கால் என வேகத்தை மூன்று படிகளில் மாற்றினால் அதே 8 மீட்டர் கயிற்றில் 3 செ.மீ. மட்டுமே எஞ்சும். ஆனால் வேக மாற்றத்துக்கு ஒரு முழு அலைவு நேரம் ஆகும்.

இரு படி முறையின் அடிப்படைக் கருத்தை 1957-இல் ஓ. ஜே. எம். ஸ்மித் முன்வைத்தார். மூன்று படி முறையை 1990-இல் எம்.ஐ.டி.யின் சிங்கர், சீரிங் ஆகியோர் வெளியிட்டனர். வளையும் தன்மையுள்ள இயந்திரக் கைகளுக்கும் இது பொருந்தும். அங்கே கையின் இயல்பு அதிர்வு நேரமே கணக்கில் கொள்ளப்படுகிறது.

காற்று தள்ளுவதாலோ, சுமையைச் சாய்வாகத் தூக்குவதாலோ எழும் ஆட்டத்தை இம்முறை அடக்காது. கட்டளையால் பிறக்கும் ஆட்டத்தை மட்டுமே இது நீக்கும்.