காது வலிக்குத் தொண்டையைப் பார்ப்பது

விக்டோரியா அணைக்கு முந்திய திகனவில், சுற்றியிருந்த தோட்டங்களில் ஒருவருக்குக் காது குத்தினால் முதலில் அடுப்பில் சட்டி ஏறும். நல்லெண்ணெயில் உள்ளிப் பல்லைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, காதில் இரண்டு சொட்டு விடுவார்கள். சூடு இதமாக இருக்கும், வலியும் கொஞ்சம் மட்டுப்பட்டதாகத் தோன்றும். எச்சில் விழுங்கும்போதுதான் அந்த வலி வருகிறதா என்று கேட்டவர்கள் குறைவு. இன்று எண்ணெய் இருந்த இடத்தை பாமசியில் வாங்கும் சொட்டு மருந்து பிடித்திருக்கிறது. அந்தக் கேள்வியை இன்றும் அதிகம் பேர் கேட்பதில்லை.

தொண்டை வலி காதுக்கு ஏறுவது நரம்பின் வேலை. டான்சிலுக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் உணர்ச்சி தரும் ஒன்பதாம் மூளை நரம்பு, நடுக்காதுக்கும் ஒரு கிளை அனுப்புகிறது. அதற்கும் கீழே, குரல்வளைப் பக்கத்தைக் கவனிக்கும் பத்தாம் நரம்பின் கிளையொன்று காதுத் துவாரத்துக்குப் போகிறது. தொண்டையில் புண்பட்டால், செய்தி எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று மூளைக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. காதில் ஒரு குறையும் இல்லாமலே காது வலிக்கிறது.

ரஜவெல்லப் பக்கத்து இளைஞர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். (ஆள் கற்பனை, நோய் அடிக்கடி வருவதுதான்.) முதல் மூன்று நாள் சாதாரணத் தொண்டை வலியும் காய்ச்சலும். நான்காம் நாள் வலி வலது பக்கத்துக்கு ஒதுங்குகிறது. விழுங்கும்போதெல்லாம் வலது காதுக்குள் ஊசி ஏறுகிறது. காதுச் சொட்டு விட்டும் பலனில்லை. ஐந்தாம் நாள் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்புகிறார். வாயைத் திறந்தால் இரண்டு விரல் அகலம்கூட வரவில்லை. பேச்சு, சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது.

தெல்தெனிய ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் காதைத்தான் பார்க்கிறார். காது மடலைப் பிடித்து இழுக்கிறார், துவாரத்தின் முன்னுள்ள சிறு மேட்டை அழுத்துகிறார். வெளிக்காதில் அழற்சி இருந்தால் இளைஞர் அப்போதே துள்ளியிருப்பார். துள்ளவில்லை. கருவியை வைத்து உள்ளே பார்த்தால் செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில் மினுங்குகிறது. நடுக்காதில் சீழ் கட்டியிருந்தால் அது சிவந்து வெளிப்புறமாகப் புடைத்திருக்கும், காதும் அடைத்து மந்தமாகியிருக்கும். சீழ் வடியவும் இல்லை, கேட்கும் சக்தியும் குறையவில்லை.

பிறகு டோர்ச் வாய்க்குள் போகிறது. வலது டான்சிலுக்கு மேலே அண்ணம் வீங்கித் தொங்குகிறது, உள்நாக்கு இடப்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. டான்சிலைச் சுற்றிச் சீழ்க்கட்டி. அவரைக் கண்டி தேசிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் மரக்கச் செய்யும் மருந்தை ஸ்பிரே செய்து, வீக்கத்தில் ஊசி ஏற்றிச் சீழை உறிஞ்சுகிறார்கள். அழுத்தம் இறங்கியதும் வாய் திறக்கிறது, காது வலியும் கூடவே தணிகிறது. நோய்க்கிருமியைக் கொல்ல ஊசி மருந்து தொடர்கிறது. பெனிசிலினுக்கு முந்திய காலத்திலும் சீழை வெளியேற்றத்தான் செய்தார்கள். ஆனால் கட்டி கழுத்துக்குள் பரவிவிட்டால் அன்று தடுக்க மருந்தில்லை. மூச்சு விடச் சிரமப்பட்டாலோ எச்சில் ஒழுகினாலோ, இன்றும் காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே 1990ஐ அழைக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது காய்ச்சலே இல்லாத நோயாளி. ஐம்பது தாண்டியவர், வெற்றிலையோடு புகையிலை போடுபவர் அல்லது புகைப்பவர். ஒரு பக்கத்துத் தொண்டை உறுத்தல், அதே பக்கத்துக் காது வலி. காது சுத்தம், டோர்ச் வெளிச்சத்தில் வாயும் சுத்தம். இங்கேதான் அன்றும் இன்றும் உண்மையாகவே வேறுபடுகின்றன. நாக்கின் அடிப்பகுதியும் குரல்வளையின் இரு பக்கக் குழிகளும் நேரே பார்த்தால் தெரியாதவை. அன்று நெற்றியில் கண்ணாடி கட்டிய டொக்டர், நோயாளியின் நாக்கைத் துணியால் இழுத்துப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கிய குட்டிக் கண்ணாடியை அண்ணத்தில் வைத்துப் பார்த்தார். சூடாக்காவிட்டால் மூச்சுப் பட்டு மங்கிவிடும். குமட்டல் அதிகமுள்ளவரிடம் கணநேரக் காட்சிதான் கிடைக்கும். இன்று மூக்கு வழியாக மெல்லிய வளையும் குழாயைச் செலுத்தி, அவர் பேச, விழுங்க, நிதானமாகத் திரையில் பார்க்கிறார்கள். அங்கே புற்று இருந்தால், அதன் முதல் முறைப்பாடு சில வேளைகளில் இந்தக் காது வலியாகவே இருக்கும்.

சளித் தொண்டை பெரும்பாலும் ஒரு கிழமையில் ஆறிவிடும். மூன்று கிழமை தாண்டியும் ஒரு பக்கமாகவே நின்றால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், குரல் கரகரத்தால், அல்லது உடல் மெலிந்தால், சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு அந்தக் குழாய்ப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்துப் பார்ப்பது கடைவாய்ப் பல்லையும் தாடை மூட்டையும். ஐந்தாம் நரம்பும் காதுக்கு ஒரு கிளை கொடுக்கிறது.