ஈர விறகு: புகையாப் போற சூடு

வடகிழக்கு மழை ஓய்ஞ்ச கையோட ஜவ்வாது மலையில கழிச்ச புளியங்கிளையை அடுப்புல வெச்சுப் பாருங்க. வெட்டு முனையில நுரை தள்ளும். வீடெல்லாம் புகை மண்டும்.

விறகு சூடாகும்போது அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும். சுடர்விட்டு எரிவது அவைதான். அவை முழுசா எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேணும். கட்டைக்குள்ள தண்ணீர் இருக்கிற வரைக்கும், ஈரமான பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகி அடுப்பு தணியும். எரியாத வாயு புகையா வெளியேறும். அதாவது, நாம காசு கொடுத்து வாங்கின எரிபொருள்தான் அந்தப் புகை.

ஈரத்தை அளக்கத் தராசு போதும். கட்டையின் நடுவிலிருந்து ஒரு வில்லை அறுத்து உடனே எடை போடணும். 200 கிராம்னு வெச்சுக்குவோம். 105 டிகிரி சூட்டடுப்பில், எடை மேற்கொண்டு குறையாத வரை காயவைக்கணும். 130 கிராமில் நின்றால், போன தண்ணீர் 70 கிராம். ஈர எடையில் இது 35 சதவீதம். காய்ந்த எடையில் கணக்கிட்டால் 54 சதவீதம். விறகு வாங்கும்போது எந்தக் கணக்குன்னு கேட்டுக்கணும். வெயிலில் காயவெச்சா கொஞ்சம் ஈரம் தங்கிடும். கணக்கு குறைச்சுக் காட்டும்.

ஊசி குத்தும் ஈரமானி மின்தடையை வெச்சு அளக்குது. அது பெரும்பாலும் காய்ந்த எடைக் கணக்கையே காட்டும். 30 சதவீதத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. மேல்பட்டையில் குத்தாமல், கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்தணும். ஈர எடைக் கணக்கில் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த விறகை அடுப்புக்கு எடுக்கலாம்.