மூன்று ஃப்ளிப்-ஃப்ளாப், இரண்டு வட்டம்

ஒரு பழைய சர்க்யூட் பலகை. அதில் A, B, C என்று மூன்று டி ஃப்ளிப்-ஃப்ளாப்கள், மூன்றுக்கும் ஒரே கிளாக். A-யின் வெளியீடு B-க்குள் போகிறது, B-யின் வெளியீடு C-க்குள். C-யின் வெளியீடு தலைகீழாக்கப்பட்டு மறுபடி A-க்கே வருகிறது. இது என்ன வேலை செய்யும்?

கம்பியை வெறித்துப் பார்த்தால் பதில் வராது. டி ஃப்ளிப்-ஃப்ளாப் தன் வாசலில் நிற்பதைக் கிளாக் துடிக்கும் நொடியில் உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொன்றின் வாசலிலும் என்ன நிற்கிறது என்று எழுதிவிட்டால், அதுவே அடுத்த நிலைச் சமன்பாடு. கூட்டல் குறி அடுத்த நிலையையும், மேற்கோள் குறி தலைகீழையும் குறிக்கும்:

```
A+ = C'
B+ = A
C+ = B
```

அடுத்தது அட்டவணை. மூன்று பிட் என்றால் எட்டு நிலைகள். எட்டையும் எழுத வேண்டும். "இதெல்லாம் வராது" என்று எதையும் விடக்கூடாது.

```
ABC   அடுத்தது
000   100
001   000
010   101
011   001
100   110
101   010
110   111
111   011
```

முதல் வரியைப் பாருங்கள். C பூஜ்யம், அதனால் A ஒன்றாகிறது. இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: புதிய A-யை எடுத்து B-யைக் கணக்கிடுவார்கள், புதிய B-யை எடுத்து C-யை. விடை 111 என்று வந்து நிற்கும். மூன்றும் ஒரே துடிப்பில் மாறுகின்றன. வலப்பக்கத்தில் போட வேண்டியது எப்போதும் பழைய மதிப்புதான்.

இனி எட்டு நிலைகளுக்கும் எட்டு வட்டம் போட்டு, அட்டவணைப்படி அம்புக்குறி இழுக்க வேண்டும். 000-இல் தொடங்கினால் 100, 110, 111, 011, 001 என்று சுற்றி மறுபடி 000. ஆறு நிலைச் சுற்று. ஜான்சன் கவுண்டர் என்பது இதுதான்.

ஆனால் தாளில் இன்னும் இரண்டு வட்டங்கள் மிச்சம். 010-இலிருந்து 101, 101-இலிருந்து மறுபடி 010. இந்த ஜோடியிலிருந்து பெரிய சுற்றுக்கு ஒரு அம்புகூட இல்லை. மின்சாரம் வந்ததும் ஃப்ளிப்-ஃப்ளாப் எந்த மதிப்பில் விழிக்கும் என்று சொல்ல முடியாது. 010-இல் விழித்தால் இந்த சர்க்யூட் அணைக்கும்வரை இரண்டுக்குள்ளேயே ஊசலாடும். ஒரு பாகமும் கெட்டிருக்காது. அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும். அதனால்தான் காரணம் பிடிபடுவது கஷ்டம். அட்டவணையிலும் இது இருந்தது, ஆனால் கண்ணில் பட்டது படத்தில்தான்.

சரிசெய்ய இரண்டு கேட் போதும்: ஓர் ஆர், ஓர் ஆண்ட்.

```
C+ = B(A + C)
```

இப்போது 010-க்கு C+ பூஜ்யம். அடுத்த நிலை 100. 101 முன்போலவே 010-க்குப் போய், அங்கிருந்து பெரிய சுற்றில் சேர்ந்துவிடும். மற்ற ஆறு வரிகளும் மாறவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஓடும் எல்இடி விளக்குகளில் போடும் CD4017 சிப்பும் ஜான்சன் கவுண்டர்தான். அதில் ஐந்து ஃப்ளிப்-ஃப்ளாப், 32 நிலைகள். வேண்டியவை 10 மட்டும். மீதி 22-இல் மாட்டிக்கொள்ளாமலிருக்க, இதே வகைத் திருத்தத்தை உள்ளேயே வைத்துத்தான் தயாரிக்கிறார்கள்.