மாமா கொடுத்தால் வரியில்லை, மாமாவுக்குக் கொடுத்தால் வரி

தாய்மாமன் ஒருவர், நிலம் விற்ற பணத்தில் 5 லட்சம் ரூபாயை அக்கா மகள் செல்வியின் வீட்டு வேலைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வருமான வரி ஒரு பைசா கிடையாது. இரண்டு வருடம் கழித்து மாமாவுக்கு ஆபரேஷன். நன்றி மறக்காத செல்வி 3 லட்சம் ரூபாயை அன்பளிப்பாக அனுப்புகிறார். அந்த 3 லட்சம் முழுவதும் மாமாவின் வருமானத்தில் சேரும்.

கொடுத்தவருக்கு வரி போட்ட பழைய கொடை வரி 1998-இல் ஒழிந்தது. இப்போது சட்டம் வாங்குகிறவரைத்தான் பார்க்கிறது. வாங்குகிறவரின் ‘உறவினர்’ யார் என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், நேர்வழியில் மேலே பெற்றோர், தாத்தா, பாட்டி, கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இவர்களின் வாழ்க்கைத் துணைகள். செல்வி வாங்கும்போது மாமா அம்மாவின் தம்பி, பட்டியலில் இருக்கிறார். மாமா வாங்கும்போது அக்கா மகள் பட்டியலிலேயே இல்லை. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் இல்லை.

பட்டியலில் உள்ளவர் எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. இல்லாதவர்கள் கொடுப்பது எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை சும்மா விடுவார்கள். அதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. கல்யாணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மணமக்களுக்கு யார் மொய் வைத்தாலும் வரியில்லை. காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

வரி இல்லை என்பதால் ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று நினைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். 2017 ஏப்ரல் முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. இதில் உறவினருக்கு விலக்கு இல்லை. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவர் தலையில். மாமா 5 லட்சத்தையும் மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தால் செல்விக்கு வரி பூஜ்யம், அபராதம் 5 லட்சம் வரை வரலாம். மூன்று நாளாகப் பிரித்து வாங்கினாலும் தப்பிக்க முடியாது. ஒரே நிகழ்வை ஒட்டி ஒருவரிடம் வாங்கிய ரொக்கத்தைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். மாட்டிக்கொண்ட பிறகு ‘அது கைமாத்து’ என்று மாற்றிச் சொன்னால் இன்னும் சிக்கல். கடன் என்றால் ரொக்க வரம்பு 20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

எனவே மாமாவின் வங்கிக் கணக்கிலிருந்து செல்வியின் கணக்குக்கு நேராகப் பணம் போவதே சரி. கூடவே வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் போதும். யார் யாருக்கு, என்ன உறவு, எவ்வளவு, எந்தத் தேதி, எந்த வங்கி வழியாக, பரிவர்த்தனை எண் என்ன, இருவரின் பான் எண், திரும்பப் பெறும் எண்ணம் இல்லாமல் கொடுப்பது, செல்வி ஏற்றுக்கொண்டது ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பணமாகக் கொடுப்பதைப் பத்திரப் பதிவு செய்யத் தேவையில்லை.

அதிகாரி கேட்கும் கேள்விகள் மூன்று: கொடுத்தவர் யார், கொடுக்க அவரிடம் பணம் ஏது, கொடுத்தது உண்மைதானா? முதலாவதற்கு அம்மாவும் மாமாவும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று காட்டும் சான்றிதழ். இரண்டாவதற்கு நிலம் விற்ற பத்திரத்தின் நகலும், அந்தப் பணம் மாமா கணக்கில் ஏறிய பக்கமும். மூன்றாவதற்குக் கடிதமும் செல்வியின் வங்கிக் கணக்கும். மாமா கணக்கில் முதல் நாள் 5 லட்சம் ரொக்கம் ஏறி, மறுநாள் செல்விக்குப் போயிருந்தால், கேள்வி அங்கேதான் தொடங்கும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அந்தத் தொகையைச் செல்வியின் கணக்கில் வராத வருமானமாகவே வைத்து, வழக்கமான விகிதத்தைவிடக் கூடுதலாக வரி போட முடியும். இந்தத் தாள்களை ஏழெட்டு வருடமாவது ஒரே ஃபைலில் வைத்திருப்பது நல்லது.

அப்படியானால் செல்வி மாமாவுக்கு எப்படித்தான் உதவுவது? ஒரு வழி, வட்டியில்லாக் கடனாக வங்கி மூலம் அனுப்பி, கடன் என்று எழுதி வைப்பது. கடன் வருமானம் ஆகாது. ஆனால் அது உண்மையாகவே திரும்பி வர வேண்டும். முன்பு மாமா கொடுத்ததே திருப்பித் தரவேண்டிய பணம் என்றால், அதை அன்றைக்கே கடன் என்று எழுதியிருக்க வேண்டும். அப்போது செல்வி அனுப்பும் 3 லட்சம் வெறும் கடன் அடைப்பு, மாமாவுக்கு வரி இல்லை. அன்பளிப்பு என்று கடிதம் எழுதிவிட்டுப் பின்னால் கடன் என்றால் நம்ப மாட்டார்கள். பணம் கை மாறும் நாளிலேயே இது அன்பளிப்பா, கடனா என்று இரு வீட்டாரும் முடிவு செய்துவிட வேண்டும்.